4 லிட்டர் ஆயிலுக்கு பில் போட்டார்கள், ஃபில்டரைத் தொடவே இல்லை

போன மாதம் என் காருக்கு ஆயில் மாற்றினேன். 1.2 லிட்டர் பெட்ரோல் வண்டி. வழக்கமாகப் போகும் இடம் மூடியிருந்ததால் பைபாஸ் பக்கம் இருந்த ஒரு ஒர்க்‌ஷாப்பில் விட்டேன். 4 லிட்டர் ஆயில், ஒரு ஆயில் ஃபில்டர், கூலி என்று பில் வந்தது. "கேன் முழுசா ஊத்தியாச்சு சார்" என்றார் மெக்கானிக். பணத்தைக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன்.

மறுநாள் காலை, சமதளத்தில் நின்ற வண்டியில் டிப்ஸ்டிக்கைத் துடைத்துவிட்டுப் பார்த்தேன். ஆயில் மேல் கோட்டையும் தாண்டி, இரண்டு கோட்டுக்கும் உள்ள இடைவெளியில் பாதி அளவு ஏறி நின்றது. அப்புறம்தான் மேனுவலை எடுத்தேன். அதில் மூன்று அளவுகள் இருந்தன. ஆயில் மட்டும் மாற்றினால் 3.4 லிட்டர், ஃபில்டரோடு மாற்றினால் 3.6 லிட்டர், காலி இன்ஜினுக்கு அதைவிடக் கூடுதல்.

முதல் இரண்டுக்கும் உள்ள 200 மில்லி வித்தியாசம், ஃபில்டருக்குள் நிற்கும் ஆயில். டிரெய்ன் நட்டைக் கழற்றினால் இன்ஜினுக்கு அடியில் ஆயில் தேங்கும் சம்பில் இருப்பது வடியும். ஃபில்டருக்குள் இருப்பது பெரும்பாலும் அங்கேயே தங்கும். புது ஃபில்டர் காலியாக வரும். ஸ்டார்ட் செய்ததும் பம்ப் அதை நிரப்பும், சம்பில் அந்த அளவு குறையும். அதனால்தான் மேனுவல் அதையும் சேர்த்துச் சொல்கிறது. காலி இன்ஜின் கணக்கு, பிரித்துக் கட்டிய இன்ஜினுக்கு. சர்வீஸுக்கு அதைப் பார்த்து வாங்காதீர்கள்.

வண்டிக்கு அடியில் குனிந்து டார்ச் அடித்தேன். ஃபில்டர் மேல் காய்ந்த சேறு, விளிம்பில் துரு. பழையதுதான்! ஆக எனக்கு வேண்டியது 3.4 லிட்டர், ஊற்றியது 4. கிட்டத்தட்ட 600 மில்லி அதிகம். அளவு இப்படி ஏறினால் கிராங்க் ஷாஃப்ட் ஆயிலில் அடித்து நுரை தட்டும். நுரை கலந்த ஆயில் பேரிங்குக்குச் சரியாகப் போகாது. பிரீதர் வழியாக இன்டேக்குக்குப் போனால் நீலப் புகை வரும். நல்லவேளை, நான் அதிகம் ஓட்டவில்லை.

திரும்பப் போய் டிப்ஸ்டிக்கையும் ஃபில்டரையும் காட்டினேன். "பையன் மறந்துட்டான் சார்" என்றார்கள். என் எதிரிலேயே எல்லாவற்றையும் வடித்து, புது ஃபில்டர் போட்டு, அவர்கள் செலவிலேயே புது ஆயில் ஊற்றினார்கள். முதலில் 3.3 லிட்டர்தான் ஊற்றச் சொன்னேன். ஒரு நிமிடம் ஓடவிட்டு, அணைத்து, ஐந்து நிமிடம் கழித்துப் பார்த்தபோது இரண்டு கோட்டுக்கும் இடையில் நின்றது. பிறகு கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி, மேல் கோட்டுக்குச் சற்றுக் கீழே நிறுத்தினோம்.

உங்கள் வண்டிக்கும் 3.6 என்றால் 4 லிட்டர் கேன் வாங்குங்கள், அல்லது 3 லிட்டரும் 1 லிட்டரும். ஆனால் மீதியைக் கேட்டு வாங்குங்கள், அடுத்த சர்வீஸ் வரை டாப்அப் செய்ய அதே ஆயில் கையில் இருக்கும். ஃபில்டர் மேல் மார்க்கரில் தேதியும் கிலோமீட்டரும் உங்கள் கையால் எழுதுங்கள். என் கேனில் ஏறக்குறைய அரை லிட்டர் மிச்சம் இருக்கிறது. டிக்கியில் நேராக நிறுத்தி வைத்திருக்கிறேன்.