பிவட் டேபிள் சொல்லிக்கொடுக்க: ஆபீஸ் ரிஜிஸ்டரா, பன்னிரண்டு பில்லா?

வேலூர் நேதாஜி மார்க்கெட் பக்கம் ஒரு மளிகை மொத்த வியாபாரக் கடையில், பில் போடுகிறவர்களுக்கும் கணக்கு எழுதுகிறவர்களுக்கும் எக்செல்லில் பிவட் டேபிள், அதாவது நீளமான பட்டியலை ஊர் வாரி, சரக்கு வாரி என்று கூட்டிக் காட்டும் வசதி, சொல்லித்தரக் கூப்பிட்டார்கள். எந்த டேட்டாவை வைத்து நடத்தலாம் என்று யோசித்தபோது முதலாளியே வழி சொன்னார். "எங்க ரிஜிஸ்டரையே எடுத்துக்குங்க சார், பாடமும் ஆச்சு, வேலையும் ஆச்சு." எனக்கும் சரியென்று பட்டது. அடுத்த மாதம் இன்னொரு கடையில், நானே உட்கார்ந்து தட்டிய பன்னிரண்டு பில் பட்டியலை வைத்து நடத்தினேன். இனி யார் கூப்பிட்டாலும் அந்தப் பன்னிரண்டு பில்தான்.

மூன்றாவதாக, நெட்டில் கிடைக்கும் ரெடிமேட் ஃபைல்களும் உண்டு. டாலரில் விற்பனை, East, West என்று மண்டலங்கள். எண் தப்பாக வந்தாலும் யாருக்கும் உறைக்காது. அதை விட்டுவிடலாம்.

ரிஜிஸ்டரில் ஒரு நல்லது உண்டு. ஆட்கள் தூங்க மாட்டார்கள். அவர்கள் போட்ட பில், அவர்களுக்குத் தெரிந்த பார்ட்டி. ஆனால் பாடம் தொடங்கவே ஒரு மணி நேரம் ஆகிவிட்டது. மேலே கடைப் பெயரும் விலாசமும் மூன்று வரி. நடுவில் தலைப்பே இல்லாத ஒரு Column. அந்த ஒரு காலி கட்டத்துக்காக, பிவட் போடவே முடியாது என்று எக்செல் மறுத்துவிட்டது. அதைச் சரி செய்தால், பட்டியலின் அடியில் இருந்த டோட்டல் வரியும் ஒரு பில்லாகச் சேர்ந்துகொண்டு மொத்தம் இரண்டு மடங்காக வந்தது. மாவட்டம் வாரியாகப் போட்டால் ஆம்பூர் விற்பனை இரண்டு இடத்தில் நின்றது. 2019-ல் வேலூர் மாவட்டத்தை மூன்றாகப் பிரித்தபோது ஆம்பூர் திருப்பத்தூர் மாவட்டத்துக்குப் போய்விட்டது. பழைய பார்ட்டிகளின் விலாசத்தில் Vellore என்றே கிடந்தது. இதெல்லாம் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம்தான். ஆனால் முதல் நாளிலேயே தெரிந்துகொள்ள வேண்டியதா?

இவை கண்ணுக்குத் தெரிந்த கோளாறுகள். தெரியாத ஒன்றும் இருந்தது. மூவாயிரத்துச் சொச்சம் வரியில் மொத்தம் இவ்வளவு என்று பிவட் சொன்னது, எல்லோரும் தலையாட்டினோம். ஒரு வாரம் கழித்து ஆடிட்டரிடம் போன கணக்கோடு ஒத்துப் பார்த்தால் உதைத்தது. வகுப்பில் இருந்த யாராலும் அந்த எண்ணைச் சரிபார்த்திருக்க முடியாது, நான் உட்பட. என் தேர்வை மாற்றியது இந்த ஒன்றுதான். வந்த விடையைப் படிக்கிறவர் தன் கையாலேயே சரிபார்க்க முடிய வேண்டும்.

அதனால் பன்னிரண்டு பில். தேதி, ஊர், சரக்கு, மூட்டை, தொகை என ஐந்து Column. நான்கு ஊர், ஊருக்கு மூன்று பில். கூட்டினால் காட்பாடி 13,000, குடியாத்தம் 12,000, ஆற்காடு 9,000, ஆம்பூர் 16,000, மொத்தம் 50,000 வருகிற மாதிரி அமைத்துக்கொண்டேன். கம்ப்யூட்டரைத் தொடுவதற்கு முன்னால் பிரின்ட் எடுத்த தாளைக் கொடுத்து, கால்குலேட்டரில் ஊர் வாரியாகக் கூட்டி எழுதச் சொன்னேன். பத்து நிமிஷ வேலை. தாள் கையில் இருக்க, அப்புறம்தான் எக்செல்.

ஃபைலில் மட்டும் இரண்டு குறும்பு வைத்திருந்தேன். ஆற்காட்டின் ஒரு பில்லில் தொகையை 2700/- என்று தட்டியிருந்தேன், நம் ஊர் பில் புத்தகத்தில் எழுதுகிற மாதிரியே. குடியாத்தத்தின் 2,500 ரூபாய் பில்லில் ஊர்ப் பெயருக்குப் பின்னால் ஒரு ஸ்பேஸ்.

ஊரை Rows-இலும் தொகையை Values-இலும் இழுத்துப் போட்டதும் எல்லோர் திரையிலும் மொத்தம் 12. விற்பனை பன்னிரண்டு ரூபாயா என்று சிரிப்பு. தொகை Column-இல் எழுத்து கலந்த கட்டம் ஒன்று இருந்தாலும் எக்செல் கூட்டுவதை விட்டுவிட்டு எண்ண ஆரம்பித்துவிடும். ரைட் கிளிக் செய்து Summarize Values By-யில் Sum வைத்தோம். இப்போது 47,300. கணக்கு எழுதுகிற மூத்தவர் தாளையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தார். "இன்னா சார், மெஷின் கம்மியா காட்டுது? நான் ரெண்டு வாட்டி போட்டேன், ஐம்பதாயிரம் வருது." எவ்வளவு கம்மி என்று கேட்டேன். 2,700. அந்தத் தொகைக்கு ஒரு பில் இருக்கிறதா என்று அவரே தாளில் விரல் வைத்துத் தேடினார். மூவாயிரம் வரியில் இந்த விரல் எங்கே போகும்? ஒரு காலிக் கட்டத்தில்

```
=ISNUMBER(E9)
```

என்று போட்டதும் FALSE வந்தது. பிவட் அந்தக் கட்டத்தை எழுத்தாக எடுத்துக்கொண்டதால் கூட்டலில் அது பூஜ்யம். 2700 என்று திருத்தினோம்; அப்போதும் பிவட்டில் 47,300-தான் நின்றது. Refresh கொடுத்த பிறகுதான் 50,000.

மொத்தம் டேலி ஆனதும் வேலை முடிந்தது என்று எழுந்துவிடக் கூடாது. தாளில் நான்கு ஊர், திரையில் ஐந்து. குடியாத்தம் 9,500 என்று ஒரு வரி, குடியாத்தம் 2,500 என்று இன்னொரு வரி. மொத்தத்தில் ஒரு பைசா குறையாது, அதனால் மொத்தத்தை மட்டும் பார்க்கிறவருக்கு இது படவே படாது. =LEN(B6) போட்டால் 11; Gudiyatham என்பதில் எழுத்து பத்துதான். கடைசி ஸ்பேஸை எடுத்துவிட்டு மறுபடி Refresh.

கடைசியாகப் பதின்மூன்றாவது பில்: வாலாஜாபேட்டை, 1,000 ரூபாய், பட்டியலின் அடியில். Refresh கொடுத்தும் 50,000 அசையவில்லை. பிவட் போடும்போது காட்டிய பரப்பு 13-வது வரியோடு முடிந்துவிட்டது. 14-வது வரி அதன் கண்ணில் இல்லை. பட்டியலுக்குள் நின்று Ctrl+T அழுத்தி டேபிளாக மாற்றிவிட்டு, அதன் மேல் புதிதாகப் பிவட் போட்டோம். இப்போது அடுத்த பில்லை அடியில் தட்டினால் டேபிள் தானே நீளும், Refresh-இல் வந்துவிடும். தினமும் பில் ஏறுகிற கடையில் இந்தக் கோளாறுதான் அடிக்கடி வரும். வாலாஜாபேட்டை திரையில் இல்லை என்பது நான்கு வரிப் பிவட்டில் பளிச்சென்று தெரிந்தது. நாற்பது ஊர் இருக்கும் ரிஜிஸ்டரில் ஒரு நாள் விற்பனை சேராமல் போனால் கேட்க ஆளில்லை.

"பன்னிரண்டு பில்லுக்கு கால்குலேட்டரே போதுமே, இது எதுக்கு?" என்று பில் போடுகிற பெண் கேட்டார். நியாயமான கேள்வி. சரக்கை Columns-இல் இழுத்துவிட்டு, இதையே ஊர் வாரி, சரக்கு வாரி என்று கால்குலேட்டரில் போடுங்கள் என்றேன். பாதியில் நிறுத்திவிட்டார். ஆனாலும் ரிஜிஸ்டர் தரும் ஆர்வம் இதில் வராது, அதை ஒத்துக்கொள்கிறேன். இரண்டாம் நாளில் ரிஜிஸ்டரைத் திறந்தால் அந்தக் குறை தீரும். அதற்குள் மொத்தத்தையும் ஊர் எண்ணிக்கையையும் முதலில் ஒத்துப் பார்க்கும் பழக்கம் வந்திருக்கும். வேறொரு சௌகரியமும் உண்டு: எந்தப் பார்ட்டிக்கு என்ன ரேட் என்பது வகுப்பில் எல்லோர் கண்ணிலும் படாது.

நான் நடத்தியது இரண்டே பேட்ச், இரண்டும் மளிகைக் கடை, இரண்டும் எக்செல். கூகுள் ஷீட்ஸில் பிவட் தானாகவே புதுப்பித்துக்கொள்ளும், அங்கே Refresh பாடம் தேவைப்படாது. ஏற்கெனவே பார்முலா போட்டுப் பழகியவர்கள் இருக்கும் ஆபீஸில் நேராக ரிஜிஸ்டரில் இறங்கினாலும் ஓடலாம். முதலாவது கடையிலிருந்து மறுபடி கூப்பிட்டிருக்கிறார்கள். ஃபைல் தயாராக இருக்கிறது, இந்த முறை 2700/- ஆம்பூர் பில்லில்.