ஒரே மாடல், இரண்டு அளவு: கம்பி வைத்த பிராவோடு 2 வருட அனுபவம்

நான் பாலர் பள்ளி ஆசிரியை. நாள் முழுக்கக் குனிவதும் பிள்ளைகளைத் தூக்குவதும்தான் வேலை. எம்ஆர்டியில் நின்றபடி வீடு திரும்பும்போது அக்குளுக்குக் கீழே ஊசி மாதிரி ஏதோ குத்தியது. பிராவின் கம்பி வெளியே வந்திருந்தது. 45 வெள்ளி கொடுத்து வாங்கி 5 மாதம்தான் ஆகியிருந்தது. மட்டமான சரக்கு என்று திட்டிவிட்டு, தேக்கா சென்டர் மாடியில் எனக்குத் தைக்கும் அக்காவிடம் கொண்டுபோனேன்.

அவர் கம்பியை உள்ளே தள்ளி, வாயை நெருக்கமாகத் தைத்துக் கொடுத்தார். கூடவே, "இது ஒரு மாசம் தாங்கினா அதிகம்மா. பட்டி உனக்கு லூசா இருக்கு, அதைப் பாரு" என்றார். 6 வாரத்தில் மறுபடி குத்தியது. சரி, போகட்டும் என்று கத்தரிக்கோலால் பிரித்துப் பார்த்தேன்.

கம்பி ஓடும் இடம் துணியால் ஆன ஒரு குழாய். கப்பின் அடிவளைவை ஒட்டி, இரண்டு வரிசைத் தையலுக்கு நடுவே இருக்கிறது. கம்பி அந்தக் குழாயை முழுதாக நிரப்புவதில்லை. இரு முனையிலும் சில மில்லிமீட்டர் காலி விடுகிறார்கள், அசைய இடம் வேண்டுமே. குழாயின் வாயை மிக நெருக்கமான குறுக்குத் தையல் அடைத்திருக்கும். என்னுடையதில் அக்குள் பக்கத்து முனையில் இருந்த பிளாஸ்டிக் பூச்சு உதிர்ந்து, வெறும் இரும்பு அந்தத் தையலை அறுத்திருந்தது. மறுபடி தைத்தும் ஏன் நிற்கவில்லை என்பது அப்போதுதான் புரிந்தது. தையல் புதிது, அறுக்கும் முனை பழையது.

முனை ஏன் அவ்வளவு உரசியது? அக்கா சொன்ன பட்டிதான் காரணம் என்று நினைக்கிறேன். மார்பின் எடையைப் பெரும்பாலும் தாங்குவது தோள்பட்டை வார் அல்ல, விலாவைச் சுற்றி இறுகும் பட்டி. அது தளர்ந்தால் முதுகுப் பக்கம் மேலே ஏறும், முன்பக்கம் கீழே இறங்கும். கம்பி விலாவோடு ஒட்டி நிற்காமல், குனியும்போதெல்லாம் குழாய்க்குள் முன்னும் பின்னும் நகரும். நான் வாரைச் சுருக்கிச் சுருக்கிச் சமாளித்துக்கொண்டிருந்தேன். அது முதுகுப் பட்டியை இன்னும் மேலே இழுத்ததுதான் மிச்சம்.

டேப் வைத்து அளந்தேன். மார்புக்குக் கீழே 76 சென்டிமீட்டர், மார்பின் முழுச் சுற்று 93. வித்தியாசம் 17. அது 75 பட்டிக்கு சி கப், இன்னொரு அளவு முறையில் 34சி. எண் பட்டியைச் சொல்லும், எழுத்து கப்பை. நான் போட்டுக்கொண்டிருந்ததோ 36பி. வேடிக்கை என்னவென்றால் இந்த இரண்டுக்கும் கப்பின் கொள்ளளவு ஏறக்குறைய ஒன்றுதான். எழுத்து மாறினால் கப்பும் மாறும் என்று நம்பியிருந்தேன். அதே மாடலில் 34சி வாங்கிக் கப்பின் மேல் கப்பை வைத்தேன், வளைவு அப்படியே பொருந்தியது. மாறியது பட்டியின் நீளம் மட்டும்.

இந்த இரண்டாவது பிராவுக்கு இப்போது 18 மாதம். கம்பி உள்ளேயே இருக்கிறது. ஆனால் ஒன்றை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்: முதலாவதைச் சில சமயம் சலவை இயந்திரத்தில் அப்படியே போட்டேன், இதை வலைப்பைக்குள் வைத்துத்தான் போடுகிறேன். பட்டிக்குத்தான் முழுப் பெருமையும் என்று சத்தியம் செய்ய மாட்டேன்.

கப் மூன்று துண்டுத் துணி. கீழே இரண்டு துண்டுகள் நெடுக்காகச் சேர்கின்றன, மேல்துண்டு குறுக்காக வந்து உட்காருகிறது. தட்டையான துணிக்குக் குழிவு வருவது இந்தத் தையல்களால்தான். இரண்டு வளைந்த ஓரங்களைச் சேர்த்துத் தைத்தால் துணி தானாக எழும்பிக் கிண்ணமாகிறது. என்னிடம் இருந்த பஞ்சுக் கப் பிரா ஒரு வருடத்தில் நசுங்கிப் பள்ளம் விழுந்தது, இது இன்னும் வடிவம் மாறவில்லை. குறை: மெல்லிய டி சட்டைக்குள் தையல் வரி தெரிகிறது. எனக்கு அது பெரிய விஷயமில்லை. தங்கைக்கு அதைப் பார்த்தாலே எரிச்சல்.

முதலில் போவது எலாஸ்டிக்தான். பட்டியின் கீழ் ஓரத்தில் அதை இழுத்துப் பிடித்து ஜிக்ஜாக் தையலில் தைப்பார்கள், அதனால்தான் ஓரம் சுருங்கிப் பிடிக்கிறது. வெயிலும் சூடும் வியர்வையும் அதற்கு ஆகாது, நம் ஊரில் மூன்றும் தாராளம். புதிதில் பட்டியின் நீளம் இழுக்காமல் 62 சென்டிமீட்டர் இருந்தது, இப்போது 66. ஓரம் அலை அலையாக நெளிகிறது, ஓரிடத்தில் வெள்ளை ரப்பர் இழை எட்டிப் பார்க்கிறது. வீவக வீட்டு மூங்கில் கழியில் வெயிலில் தொங்கவிட்டதை முதல் வருடமே நிறுத்தியிருக்க வேண்டும்.

கொக்கி விஷயத்தையும் தாமதமாகத்தான் கற்றேன். புதியதை வாங்கும்போது கடைசி, அதாவது மிகத் தளர்ந்த வரிசையில் போட்டால் சரியாகப் பிடிக்க வேண்டும். முதுகுப் பட்டிக்கடியில் இரண்டு விரல் நுழைய வேண்டும், முழுக் கையும் நுழையக் கூடாது. எலாஸ்டிக் தளரத் தளர உள்வரிசைக்குப் போகலாம். நான் 8-ஆம் மாதம் நடு வரிசைக்கு வந்தேன், 14-ஆம் மாதம் கடைசி உள்வரிசைக்கு. போன வாரம் கையைத் தூக்கிப் புத்தக அலமாரியைத் துடைத்தபோது பட்டியும் மேலே ஏறியது. கம்பி இன்னும் நல்லாத்தான் இருக்கிறது, ஆனால் அதைப் பிடித்து வைக்க ஆள் இல்லை. அதனால் அடுத்த 34சி-க்கு ஆர்டர் போட்டுவிட்டேன், இந்த முறை இரண்டாக, மாற்றி மாற்றிப் போட.