கோப்பு வந்த பிறகே பதிவு: திருப்பூர் பனியன் கம்பெனியில் மூன்று ஆண்டு அனுபவம்

நான் வேலை பார்க்கும் பனியன் கம்பெனியின் அலுவலகம் திருப்பூரிலும், தையல் யூனிட் பல்லடம் பக்கத்திலும், பிரிண்டிங் யூனிட் அவிநாசி பக்கத்திலும் இருக்கின்றன. பையர் ஒரு டிசைனுக்கு ஒப்புதல் கொடுத்தவுடன் மெர்ச்சண்டைசர் அதை ஒரு பதிவாக எழுதி, ஆர்ட்வொர்க் கோப்பை அதனோடு சேர்த்துவிடுவார். மற்ற இரண்டு இடங்களிலும் அந்தப் பதிவைத் திறந்து லிங்கைத் தட்டினால் ஆர்ட்வொர்க் திறக்க வேண்டும். 2022 முதல் இந்த வேலைக்கு சின்க்திங் என்ற இலவச மென்பொருளைப் பயன்படுத்திவருகிறோம். அது நடுவில் சர்வர் எதுவும் இல்லாமல் கணினிக்குக் கணினி நேரடியாகக் கோப்புகளை ஒத்திசைக்கும். மென்பொருளில் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. அதன் மேல் நான் கட்டிய ஏற்பாட்டில்தான் தவறுகள் இருந்தன.

முதல் ஆண்டில் பதிவுகளையும் கோப்புகளையும் ஒரே ஃபோல்டரில் வைத்திருந்தேன். பதிவு என்பது இரண்டு கிலோபைட் அளவுள்ள JSON. ஆர்ட்வொர்க்கோ சில சமயம் 300 எம்பி வரை போகும். எங்கள் அலுவலக இணைப்பின் அப்லோட் வேகம் நொடிக்கு 5 மெகாபிட்தான் என்பதால் அந்தக் கோப்பு போய்ச் சேர எட்டு நிமிடம் பிடிக்கும். நடுவில் கரண்ட் போனால், அது எப்போது வருகிறதோ அப்போதுதான் மீதி போகும். பதிவு மட்டும் நொடிகளில் போய் உட்கார்ந்துகொள்ளும். பிரிண்டிங் யூனிட்டிலிருந்து, "அண்ணா, படம் திறக்கவே மாட்டேங்குதுங்க" என்று அன்றாடம் போன் வரும்.

திறக்காத லிங்கையாவது பொறுத்துக்கொள்ளலாம். ஆள் போன் செய்து கேட்டுவிடுவார். திறந்து பழையதைக் காட்டும் லிங்க்தான் பணத்தைத் தின்றது. ஒரு டி-ஷர்ட் ஸ்டைலில் நெஞ்சுப் பிரிண்ட்டை 2 சென்டிமீட்டர் கீழே இறக்கும்படி பையர் சொன்னார். மெர்ச்சண்டைசர் புதிய ஆர்ட்வொர்க்கைப் பழைய பெயரிலேயே சேமித்து, "திருத்தம் 2, ஒப்புதல் ஆனது" என்று பதிவையும் மாற்றினார். அவிநாசிப் பக்கம் பதிவு போய்ச் சேர்ந்துவிட்டது, கோப்பு வழியில் இருந்தது. அங்கிருந்தவர் லிங்கைத் தட்டியதும் அதே பெயரில் இருந்த திருத்தம் 1 அழகாகத் திறந்தது. ஏறத்தாழ 400 பீஸ் அடித்த பிறகுதான் செக்கிங்கில் அளவு பார்த்தவர் நிறுத்தினார்.

முதலில் ஒத்திசைவு வரிசையை மாற்றிப் பார்த்தேன். கோப்புகளை எந்த வரிசையில் இழுப்பது என்பதற்கு சின்க்திங்கில் ஓர் அமைப்பு உண்டு. இயல்பாக அது `Random` என்று இருக்கும். `Largest First` என்று மாற்றினால் பெரியது முதலில் வரும், பதிவு பின்னால் வரும் என்று கணக்குப் போட்டேன். ஆனால் அந்த வரிசை, அந்த நேரத்தில் பெறும் கணினிக்குத் தெரிந்துள்ள கோப்புகளுக்கு இடையில் மட்டுமே பொருந்துகிறது. பெரிய கோப்பைப் பற்றிய தகவல் வருவதற்கு முன்பே பதிவு வந்துவிட்டால், எந்த வரிசை வைத்தும் பயனில்லை. அனுப்பும் இடத்தில் காத்திருந்து, கோப்பு போன பிறகு பதிவை விடலாமே என்றும் யோசித்தேன். பல்லடத்துக் கணினிக்குக் கோப்பு போயிருக்கும், அவிநாசியில் கணினியே அணைந்திருக்கும். அனுப்புகிறவர் யாருக்காகக் காத்திருப்பார்? நடுவில் ஒரு சர்வர் இருந்து எல்லோரும் அதிலிருந்தே எடுப்பதாக இருந்தால், கோப்பை முதலில் ஏற்றிப் பிறகு பதிவை ஏற்றினால் போதும். எங்களைப் போல் கணினிக்குக் கணினி அனுப்புகிறவர்கள், பதிவை வாங்கும் இடத்தில்தான் காவல் போட வேண்டும்.

இப்போதுள்ள ஏற்பாட்டில் ஒவ்வொரு கோப்பும் அதன் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடப்படும் SHA-256 ஹாஷ் மதிப்பையே பெயராகக் கொண்டு `files` ஃபோல்டருக்குள் போகிறது. உள்ளே ஒரு கோடு மாறினாலும் பெயர் மாறிவிடுவதால், பழையதன் மேல் புதியது ஒருபோதும் எழுதப்படுவதில்லை. பதிவுகள் `inbox` என்ற ஃபோல்டருக்கு வருகின்றன. வாங்கும் கணினியில் ஓடும் சிறு நிரல், பதிவில் சொல்லப்பட்ட கோப்புகள் எல்லாம் முழுதாக வந்துவிட்டனவா என்று பார்த்த பிறகே அதைத் திரையில் காட்டுகிறது.

```python
def ready(rec):
    for f in rec["files"]:
        p = FILES / f["sha256"]
        if not p.exists():
            return False
        if sha256_of(p) != f["sha256"]:
            return False
    return True
```

சின்க்திங் ஒரு கோப்பைத் தற்காலிகப் பெயரில் இறக்கி, முழுதும் சரிபார்த்த பிறகே உண்மையான பெயருக்கு மாற்றும் என்பதால், பெயர் இருந்தாலே பெரும்பாலும் போதுமானது. ஆனாலும் பென்டிரைவில் எடுத்து வந்து காப்பி செய்யும் பழக்கம் எங்கள் ஊழியர்களுக்கு உண்டு. அதற்காகத்தான் இரண்டாவது சோதனை.

இதிலும் நான் ஒரு முறை சறுக்கினேன். கோப்பு வந்துவிட்ட பதிவை `inbox` ஃபோல்டரிலிருந்து வேறு ஃபோல்டருக்கு நகர்த்தும்படி முதலில் எழுதியிருந்தேன். ஒத்திசைக்கப்படும் ஃபோல்டரிலிருந்து ஒன்றை வெளியே நகர்த்தினால் மற்றக் கணினிகளுக்கு அது நீக்கமாகவே போகும். பல்லடத்தில் கோப்பு சீக்கிரம் வந்தது, பதிவு நகர்ந்தது, அவிநாசியில் இன்னும் காத்துக்கொண்டிருந்த அதே பதிவு சுவடில்லாமல் மறைந்தது. இரண்டு நாள் எனக்குப் பிடிபடவில்லை. இப்போது `inbox` ஃபோல்டரில் நிரல் கையே வைப்பதில்லை. படித்து, அந்தந்தக் கணினியில் உள்ள SQLite தரவுத்தளத்தில் சேர்த்துக்கொள்வதோடு சரி.

காத்திருக்கும் பதிவுகளை முழுவதும் மறைத்துவிட்டதும் பிசகாகப் போயிற்று. "போட்டாச்சுங்க" என்று அலுவலகத்திலும் "ஒண்ணும் வரலீங்க" என்று யூனிட்டிலும் சொல்லி, இருவரும் என்னைப் பிடித்துக்கொண்டார்கள். அதனால் ஸ்டைல் எண்ணையும் திருத்த எண்ணையும் மட்டும் சாம்பல் நிறத்தில் காட்டி, லிங்க் இல்லாமல் "ஆர்ட்வொர்க் வந்துகொண்டிருக்கிறது" என்று எழுதிவிட்டேன். திருத்தம் 2 காத்திருக்கும்போதே திருத்தம் 1-இன் லிங்கையும் பூட்டிவிடுகிறோம். அந்த 400 பீஸுக்கு உண்மையான மருந்து இந்தப் பூட்டுதான். நான்கு மணி நேரத்துக்கு மேல் காத்திருக்கும் பதிவு சிவப்பாகிவிடும். அப்படி ஆனால் பெரும்பாலும் அனுப்பிய கணினி அணைந்திருக்கும், அல்லது டிஸ்க் நிறைந்திருக்கும்.

நீக்கும்போது வரிசை தலைகீழ்: முதலில் பதிவு போகும், 30 நாள் கழித்து எந்தப் பதிவும் சுட்டாத கோப்பு போகும். காத்திருக்கும் பதிவு சுட்டும் கோப்பையும் சுட்டப்பட்டதாகவே கணக்கில் எடுத்து, நீக்காமல் விட வேண்டும்.

இந்தக் காவலுக்கு எட்டாத இடமும் உண்டு. ஸ்கேனர் இன்னும் எழுதிக்கொண்டிருக்கும்போதே மெர்ச்சண்டைசர் கோப்பைச் சேர்த்துவிட்டால், பாதிக் கோப்புக்கே ஹாஷ் கணக்கிடப்பட்டு, அந்தப் பாதி பழுதில்லாமல் எல்லா இடத்துக்கும் போய்ச் சேரும். சோதனையும் "சரி" என்றே சொல்லும். PDF ஆக இருந்தால் அதன் கடைசியில் `%%EOF` இருக்கிறதா என்று பார்த்துவிட்டு ஏற்கிறோம். மற்ற வகைக் கோப்புகளுக்கு, அளவு ஐந்து நொடி மாறாமல் நிற்கிறதா என்று மட்டும் பார்க்கிறோம். நெட்வொர்க் டிரைவில் ஸ்கேன் ஆகும்போது அந்த ஐந்து நொடி போதவில்லை என்று சென்ற மாதம் தெரிந்தது. இப்போது இருபதாக வைத்திருக்கிறேன்.