1858 மகாலில் ஏழாம் வகுப்பு மாணவி: வெட்டி ஒட்டுவதா, ஏஐ-யிடம் கேட்பதா?

அக்கா மகள் ஏழாம் வகுப்பு. திருமலை நாயக்கர் மகாலில், பழைய காலத்தில் தான் நிற்பதுபோல் ஒரு படம் செய்து, பக்கத்தில் குறிப்பு எழுதிப் பள்ளியில் தர வேண்டும். மூன்று வழிகளில் செய்து பார்த்தோம்.

முதலில் ஏஐ. அவளுடைய முகப்படத்தைக் கொடுத்து, 1636-இல் மகால் கட்டி முடிந்தபோது அவள் முற்றத்தில் நிற்பதுபோல் கேட்டோம். சில நொடிகளில் படம் வந்துவிட்டது. ஆனால் வந்த மகால் மதுரையில் இல்லை. தூண்கள் ஒல்லியாக இருந்தன, வளைவுகள் ராஜஸ்தான் அரண்மனையை நினைவூட்டின, அவளுடைய முகமும் ஒரு நூல் மாறியிருந்தது. படத்திலேயே தமிழில் தலைப்புப் போடச் சொன்னால் எழுத்துகள் சிதைந்தன. இன்னொன்றும் உண்டு: குழந்தையின் முகம் வெளி நிறுவனத்தின் கணினிக்குப் போகிறது. அக்காவிடம் கேட்ட பிறகே அனுப்பினேன்.

இரண்டாவது, பழைய ஒளிப்படத்தில் வெட்டி ஒட்டுவது. 1858-இல் மதராஸ் மாகாண அரசின் ஒளிப்படக் கலைஞர் கேப்டன் லின்னேயஸ் டிரைப் இந்த முற்றத்தைப் படமெடுத்தார். நேப்பியர் பிரபு ஆளுநராக வந்து மகாலைச் சீரமைப்பதற்கு முந்தைய நிலை அது. படம் பழையது என்பதால் உரிமைச் சிக்கல் இல்லை. அந்தப் படத்தைக் கைபேசியில் வைத்துக்கொண்டு மகாலுக்கே போனோம். டிரைப் நின்ற இடத்தைத் தேடிக் கண்டுபிடித்து, படத்தில் நிழல் எந்தப் பக்கம் விழுகிறதோ அதே பக்கம் விழும் நேரம் வரை காத்திருந்து, அதே தூணின் அருகில் அவளை நிறுத்திப் படமெடுத்தேன். பிளாஷ் போடவில்லை.

அளவுக் கணக்கு இங்கேதான் எளிதாகிறது. எங்கள் படத்தில் தூணின் அகலமும் அவளுடைய உயரமும் ஏறக்குறைய ஒன்றாக இருந்தன. பழைய படத்திலும் அதே விகிதம் வரும்வரை அவளைச் சுருக்கினால் போதும், அடிக்கணக்கு எதுவும் தேவையில்லை. பின்னணியை நீக்கும் வசதி கூந்தலின் ஓரத்தைக் கடித்துவிட்டது. பெரிதாக்கிப் பார்த்து அதைக் கையால் சரிசெய்தேன். காலடியில் மங்கலாக ஒரு நிழல் வரைந்தேன், இல்லாவிட்டால் காற்றில் மிதப்பதுபோல் தெரியும்.

பிறகு நான் ஒரு தவறு செய்தேன். பழைய படத்தோடு இசையட்டும் என்று அவளையும் பழுப்பு நிறத்துக்கு மாற்றிக் குடும்பக் குழுவில் போட்டேன். பெரியப்பா உடனே அழைத்தார். "இந்தப் பொண்ணு யார்? நம்ம அம்மாவின் சாயல் அப்படியே இருக்கிறதே, அந்தக் காலத்துப் படமா?" என்றார். நிஜமாகவே நம்பிவிட்டார். குறிப்பை நான் தனிச் செய்தியாகத்தான் எழுதியிருந்தேன். படத்தோடு அது அவர் கண்ணில் படவே இல்லை.

அன்றே மாற்றினோம். மகால் பழுப்பாகவே இருக்கட்டும், அவள் மட்டும் பள்ளிச் சீருடையின் நீல நிறத்தோடு நிற்கட்டும் என்று முடிவு செய்தோம். எவரும் முதல் பார்வையிலேயே பிரித்து அறிவார்கள். எழுத்தையும் ஓரத்தில் விடவில்லை. ஓரத்தில் இருந்தால் வெட்டி அனுப்பிவிடுவார்கள். கோப்பின் உள்தகவலில் எழுதினாலும் வாட்ஸ்அப்பில் போகும்போது அது உதிர்ந்துவிடும். அவளுடைய காலடியை ஒட்டி, படத்தின் மேலேயே இப்படிப் பதித்தோம்:

"பின்னணி: லின்னேயஸ் டிரைப் எடுத்த ஒளிப்படம், 1858. மாணவி: இன்று எடுத்த படம், கணினியில் ஒட்டப்பட்டது. இது வரலாற்று ஒளிப்படம் அன்று."

எது உண்மை, எது ஒட்டு என்று மூன்று வாக்கியமும் தனித்தனியாகச் சொல்கின்றன. 'மாற்றப்பட்ட படம்' என்று மட்டும் எழுதினால், மகாலும் பொய்யோ என்று படிப்பவர் குழம்புவார்.

மூன்றாவது வழி சார்ட்டில் செய்வது. பழைய படத்தை அச்சிட்டு ஒட்டி, அவளுடைய படத்தைக் கத்தரித்து, பின்னால் ஒரு தெர்மோகோல் துண்டு வைத்துச் சற்று முன்தள்ளி நிறுத்தலாம். ஒட்டு என்பது கண்ணுக்கே தெரிவதால் ஏமாற வழியில்லை. ஆறாம் வகுப்புக்குக் கீழே இதுவே போதும்.

என் தேர்வு இரண்டாவது. படமே இல்லாத காலத்துக்கு, 1636 போன்ற ஆண்டுக்கு, ஏஐ-யை எடுக்கலாம். அப்போது தலைப்பில் 'கற்பனைச் சித்திரம், ஏஐ வரைந்தது' என்று இருக்க வேண்டும், அச்செழுத்தை நாமே தனியாகப் பதிக்க வேண்டும்.

ஓர் இடத்தில் மட்டும் எந்த வழியையும் ஏற்க மாட்டேன். 1939 ஜூலை 8 அன்று வைத்தியநாத ஐயர் தலைமையில், தீண்டாமைத் தடையை மீறி மீனாட்சியம்மன் கோயிலுக்குள் நுழைந்தவர்கள் எதிர்ப்பைத் தாங்கி உள்ளே போன மனிதர்கள். கக்கன் அவர்களில் ஒருவர். அந்த வரிசையில் ஒருவரின் முகத்தை எடுத்துவிட்டு நம் பிள்ளையின் முகத்தை வைக்கக் கூடாது. அவள் தெருவோரத்தில் நின்று பார்க்கட்டும், அதே நீலச் சீருடையில்.