வளர்ச்சி அட்டையில் பெர்சன்டைலா, குவார்ட்டைலா?

குழந்தையின் எடையை எதைக் கொண்டு படிப்பது என்று தயங்கும் பெற்றோர் முதலில் அறிய வேண்டியது, 74-ஆம் பெர்சன்டைல் என்பது மதிப்பெண் அன்று. அதே வயதும் பாலினமும் கொண்ட 100 குழந்தைகளில் ஏறத்தாழ 74 பேர் அக்குழந்தையைவிட எடை குறைந்தவர்கள் என்பதே அதன் பொருள்.

எளிமை: அந்த 100 பேரை எடை வரிசையில் 25 பேர் வீதம் பிரிக்கும் குவார்ட்டைலில் நான்கே பகுதிகள் என்பதால் உடனே புரியும்.

நுட்பம்: ஆறாம் மாதத்தில் 74-இல் இருந்த குழந்தை ஓராண்டு நிறைவில் 51-க்கு இறங்கினாலும், கீழிருந்து மூன்றாவது குவார்ட்டைலிலேயே நிற்கும், ஆனால் 51-இலிருந்து 49-க்கு வந்த குழந்தை, பொருட்படுத்த வேண்டாத அந்தச் சிறு அசைவிலேயே, இரண்டாவதற்கு இறங்கிவிடும். உண்மையான சரிவு இப்படி மறைந்துபோவதே எனக்குக் கவலை தருகிறது.

தேர்வு முடிவில் ஒரு வகுப்பின் பரவலைக் காணக் குவார்ட்டைல் போதும். ஒரே குழந்தையின் வளர்ச்சியைத் தொடர்ந்து கவனிக்கப் பெர்சன்டைலே ஏற்றது.