20–29 வயதுப் பிரிவுக்கு நடுப்புள்ளி 24.5-ஆ, 25-ஆ?

கிருஷ்ணகிரிப் பக்கம் மாம்பழச் சீசனில் கூழ் ஆலைக்கு வேலைக்குப் போகிற 50 பேரின் வயதை எழுதி வாங்கினோம் என்று வைத்துக்கொள்வோம். எண்கள் நான் கணக்குக்காகப் போட்டவை.

| வயது | ஆட்கள் (f) | d | fd | fd² |
|---|---|---|---|---|
| 20–29 | 8 | −2 | −16 | 32 |
| 30–39 | 12 | −1 | −12 | 12 |
| 40–49 | 15 | 0 | 0 | 0 |
| 50–59 | 10 | 1 | 10 | 10 |
| 60–69 | 5 | 2 | 10 | 20 |
| மொத்தம் | 50 | | −8 | 74 |

d என்பது 40–49 பிரிவிலிருந்து எத்தனை பிரிவு தள்ளி என்பது. பிரிவின் அகலம் 10. சராசரி = A + 10 × (−8/50) = A − 1.6. இந்த A-தான் 40–49-இன் நடுப்புள்ளி. சண்டை இங்கேதான் தொடங்குகிறது.

பள்ளியில் பழக்கியது 44.5. பிரிவை 39.5–49.5 என்று நீட்டி, நடுவை எடுப்போம். சராசரி 42.9. இந்த நீட்டல் உயரம், எடை போன்றவற்றுக்குச் சரி. 39.7 கிலோவை 40 என்று எழுதுவோம், ஆகவே 40 என்ற எண்ணுக்குள் 39.5-உம் அடக்கம். வயதை யாரும் அப்படி முழுமையாக்குவதில்லை. 49 வயது 11 மாதம் ஆனவரும் 49 என்றுதான் சொல்வார். அப்படியென்றால் 40–49 என்பது உண்மையில் 40-இல் தொடங்கி 50-ஐத் தொடும் வரை. நடு 45, சராசரி 43.4.

அப்போ 24.5, 44.5 எல்லாம் தப்பா? அப்படியும் இல்லை. 40, 41 என்று 49 வரை பத்து எண்களின் சராசரி 44.5-தான். நோட்டில் எழுதிய முழு எண்களைக் கூட்டி 50-ஆல் வகுத்தால் வரும் விடைக்குப் பக்கத்தில் நிற்பது 42.9. பிறந்த தேதியை வைத்து நாள் கணக்கில் பார்த்தால் கிடைப்பதற்குப் பக்கத்தில் நிற்பது 43.4. நோட்டில் உள்ளதோடு ஒப்பிட 44.5, ஆட்களின் உண்மையான வயதைச் சொல்ல 45. நான் இரண்டாவதன் பக்கம். ஆனால் தேர்வுத்தாளில் பாடப்புத்தக வழியிலேயே போங்கள், மார்க் அங்கேதான்.

நம் ஊருக்கென்று மூன்றாவது போட்டியாளர் ஒருவர் இருக்கிறார். "வயசு என்னங்கக்கா?" என்றால் "நாப்பது நடக்குது" என்பார்கள். 39 முடிந்து நாற்பதாவது ஓடுகிறது என்று பொருள். எல்லோரும் இப்படிச் சொல்லியிருந்தால் 40–49 என்று எழுதியவர்கள் உண்மையில் 39 முதல் 49-ஐத் தொடும் வரை. நடு 44, சராசரி 42.4-க்கு இறங்கிவிடும். பாதிப் பேர் முடிந்ததையும் பாதிப் பேர் நடப்பதையும் சொல்லியிருந்தால் அட்டவணையைப் பார்த்து எதுவும் பிரிக்க முடியாது. எழுதும்போதே "முடிஞ்சிருச்சா, நடக்குதா?" என்று கேட்டால்தான் உண்டு. மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் நிறைவடைந்த ஆண்டுகளில் வயதைக் கேட்பது இந்தக் குழப்பம் வராமல் இருக்கத்தான்.

திட்ட விலக்கத்துக்கு இந்தச் சண்டையே கிடையாது. விலக்க வர்க்கச் சராசரி 100 × (74/50 − 0.16²) = 145.44, அதன் வர்க்கமூலம் 12.06. 44, 44.5, 45 எதை வைத்தாலும் எல்லா நடுப்புள்ளிகளும் சேர்ந்தே நகர்வதால் பரவல் மாறாது. நடுப்புள்ளியை மாற்றியதும் திட்ட விலக்கமும் மாறியிருந்தால், எங்கோ ஒரு பிரிவை மட்டும் நகர்த்த மறந்திருக்கிறீர்கள்.

இந்த மூன்றும் சேர்ந்து சறுக்கும் இடம் ஒன்று உண்டு. பிறந்த தேதி தெரியாதவர்கள் 40, 45, 50 என்று குத்துமதிப்பாகச் சொல்வார்கள். அந்த 15 பேரில் ஐந்து பேர் 40, நான்கு பேர் 45, மீதி ஆறு பேர் 41, 42, 43, 46, 48, 49 என்றால் கூட்டல் 649, சராசரி 43.3 வருகிறது. நடுப்புள்ளி 44.5 என்ற அனுமானம் ஒரு வருடத்துக்கு மேல் தள்ளிப்போய்விட்டது. அரை வருடத்துக்காக நாம் போட்ட சண்டையைவிட இது பெரியது. மூல நோட்டு கையில் இருந்தால் 0, 5-இல் முடியும் வயதுகளை எண்ணிப் பாருங்கள். ஐந்தில் ஒரு பங்குக்கு மிக மேலே போனால் குத்துமதிப்பு புகுந்திருக்கிறது.

கூழ் ஆலை ஆட்களுக்கு அரை வருடம் பெரிதல்ல என்று விடலாம். அங்கன்வாடிக்கு வாருங்கள். 0–2 வயதில் 20 குழந்தைகள், 3–5-இல் 30 குழந்தைகள். 1, 4 என்ற நடுப்புள்ளிகளை வைத்தால் சராசரி 2.8. 1.5, 4.5 வைத்தால் 3.3. அதே அரை வருடம்தான், ஆனால் மூன்று வயதுக் குழந்தைக்கு அது ஆறில் ஒரு பங்கு வாழ்நாள்.