பழைய மைக்ரோ ஜீனியஸை இன்றைய டிவியில் மாட்ட மூன்று வழி: எது காசுக்குத் தகும்?

ஸ்டோர் அறையிலிருந்து மைக்ரோ ஜீனியஸை எடுத்துத் தூசு தட்டியதும் பலர் முதலில் செய்வது, இருபது முப்பது ரிங்கிட்டுக்கு ஒரு கன்வெர்ட்டர் பெட்டி வாங்குவதுதான். அதற்கு முன் டிவியின் பின்பக்கத்தை ஒருமுறை பாருங்கள் என்பேன். செந்தூலில் அக்கா வீட்டு டிவியில் அந்த மலிவுப் பெட்டி, டிவியின் சொந்த ஏவி துளை, விலை கூடிய ரெட்ரோடிங்க் பெட்டி என்று மூன்று வழிகளையும் மாற்றி மாற்றி மாட்டிப் பார்த்தோம். விலை ஏற ஏற படமும் நன்றாக வரும் என்ற கணக்கு அங்கே சரியாக வரவில்லை.

முதலில் இந்த மெஷினைப் பற்றி ஒன்று. மைக்ரோ ஜீனியஸ், நிண்டெண்டோவின் ஃபாமிகாம் கேம் மெஷினின் நகல். ஃபாமிகாமின் வீடியோ சிப் மஞ்சள் வயரில் போகும் கம்போசிட் சிக்னலை நேரடியாகவே உருவாக்குகிறது. அதைவிடத் தெளிவான ஆர்ஜிபி, எஸ்-வீடியோ சிக்னல் எதுவும் அதற்குள் தனியாக ஒளிந்திருக்கவில்லை. "நல்ல கேபிள் போட்டால் சரியாகிவிடும்" என்று கடைக்காரர் சொன்னால் நம்ப வேண்டாம். எழுத்தின் ஓரத்தில் ஊர்ந்து போகும் புள்ளிகளும், நிமிர்ந்த கோடுகளில் தெரியும் பல்வரிசையும் அந்த சிக்னலிலேயே இருப்பவை. எந்தப் பெட்டியும் அவற்றை முழுதாகத் துடைத்துவிடாது.

சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. பழைய டிவி ஒளிபரப்பு ஒரு படத்தை இரண்டு பாதியாக அனுப்பும்: ஒற்றைப்படை வரிகள் ஒரு முறை, இரட்டைப்படை வரிகள் அடுத்த முறை. நம் ஊர்ப் பழைய ஒளிபரப்பின் பிஏஎல் முறையில் ஒரு பாதிக்கு 312.5 வரி. அந்த அரை வரிதான் இரண்டாம் பாதியைச் சற்றுக் கீழே தள்ளி, முதல் பாதியின் இடைவெளியில் உட்கார வைக்கிறது. கேம் கன்சோல் அந்த அரை வரியை விட்டுவிட்டு 312 வரியோடு நிறுத்திக்கொள்ளும். அதனால் அது அனுப்பும் ஒவ்வொன்றும் முழுப் படம், எல்லாம் ஒரே இடத்தில் வந்து உட்காரும். பழைய குழாய் டிவிக்கு இதில் ஒரு தொந்தரவும் இல்லை. இன்றைய டிவியும் மலிவுப் பெட்டியும் இதைப் பாதிப் படம் என்று நினைத்து, அடுத்தடுத்த இரண்டு முழுப் படங்களை ஒன்றாகப் பின்னிவிடுகின்றன.

இதைக் கண்ணால் பிடிக்க சூப்பர் மாரியோ போதும். பெரிய மாரியோ அடிபட்டுச் சின்னதானதும் சில நொடி மின்னுவான். கேம் அவனை ஒரு படத்தில் வரைந்து அடுத்த படத்தில் விட்டுவிடுகிறது, அதுதான் அந்த மின்னல். இரண்டு படங்களைப் பின்னும் பெட்டியில் அவன் மின்ன மாட்டான், ஜன்னல் பிளைண்ட்ஸுக்குப் பின்னால் நிற்பவன் போல வரி வரியாகத் தெரிவான். இரண்டில் ஒன்றைத் தூக்கி எறியும் பெட்டியாக இருந்தால் ஆளே காணாமல் போவான், அல்லது மின்னாமலே நிற்பான். அக்கா மகன் பார்த்த உடனே, "மாமா, மாரியோ கோடு கோடா இருக்கான்" என்றான்.

அந்தக் கோடு வந்தது மலிவுப் பெட்டியில். பெட்டியின் மேல் AV2HDMI என்று எழுதியிருக்க வேண்டும். HDMI2AV என்று அச்சாக அதே அளவில், அதே நிறத்தில் இன்னொன்று விற்கிறார்கள். அது எதிர்த்திசைக்கானது, நமக்கு ஆகாது. மஞ்சள், வெள்ளை, சிவப்பு மூன்றையும் மாட்டி, யுஎஸ்பி மின்சாரம் கொடுத்தால் படம் வந்துவிடும். பக்கத்தில் உள்ள 720p, 1080p சுவிட்சைப் பார்த்து ஏமாற வேண்டாம். உள்ளே வருவது அதே கம்போசிட்தான், வெளியே போகும் அளவு மட்டும் மாறும்.

நம் ஊருக்கென்று இன்னொரு தொல்லையும் உண்டு. அக்கா வீட்டு மெஷின் பிஏஎல் வகை, நொடிக்கு 50 படம் தரும். டிவியின் தகவல் பட்டனை அமுக்கினால் அந்தப் பெட்டியிலிருந்து வருவது 1080p 60Hz என்று காட்டுகிறது. ஐம்பதை அறுபதாக்க ஐந்து படத்துக்கு ஒன்றை இரண்டு முறை காட்டியாக வேண்டும். அதனால் மாரியோ ஓடும்போது பின்னணி வழுக்கிக்கொண்டு போகாமல் நொடிக்குப் பத்து முறை தடுக்கித் தடுக்கிப் போகிறது. கேம் மெதுவாக ஓடுவதற்கு மட்டும் பெட்டியைத் திட்டாதீர்கள். அறுபதுக்காக எழுதிய கேம் ஐம்பதில் ஓடினால் ஆறில் ஒரு பங்கு வேகம் குறையத்தான் செய்யும். சின்ன வயதில் நாம் ஆடியதும் இதே வேகத்தில்தான். போதாததற்கு 4:3 படத்தை 16:9க்கு இழுத்துவிடுவதால் மாரியோ குண்டாகிறான். டிவியில் படத்தின் அளவை 4:3 என்று மாற்ற முடிந்தால் சரி, எச்டிஎம்ஐயில் வரும் படத்துக்கு எல்லா டிவியும் அதை அனுமதிப்பதில்லை.

இப்போது டிவியின் சொந்த ஏவி துளை. மூன்று வண்ணத் துளை இல்லையே என்று விட்டுவிடாதீர்கள். பல டிவிகளில் அது ஹெட்போன் துளை அளவில் ஒரு 3.5 மில்லிமீட்டர் ஓட்டையாக, பக்கத்தில் AV IN என்ற எழுத்தோடு இருக்கும். அதற்கான வயர் டிவியோடு பெட்டியில் வந்திருக்கும், யாரும் வைத்திருப்பதில்லை. புதிதாக வாங்கும்போதுதான் தலைவலி. எந்த வளையத்தில் வீடியோ, எதில் ஆடியோ, எதில் எர்த் என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். திரை கறுப்பாக இருந்து ஸ்பீக்கர் மட்டும் 'ஙொய்ங்' என்று இரைந்தால், வீடியோ ஆடியோவின் இடத்தில் போகிறது என்று அர்த்தம். மஞ்சளை வெள்ளையிலோ சிவப்பிலோ மாற்றிச் செருகிப் பாருங்கள். அதற்கும் சரிவரவில்லை என்றால் எர்த் இடம் மாறியிருக்கிறது, வேறு வயர்தான் வேண்டும். புடு ஜாலான் பாசாரில் உள்ள எலக்ட்ரானிக்ஸ் கடைகளுக்குப் போனால் டிவி மாடல் எண்ணையும் எடுத்துக்கொண்டு போங்கள்.

இந்த வழியிலும் மாரியோ வரி வரியாகத்தான் தெரிந்தான். ஆனால் ஓட்டத்தில் தடுக்கல் இல்லை. மலேசியாவில் விற்கும் டிவி 50 படத்தை அப்படியே எடுத்துக்கொள்கிறது. 4:3யும் ஒரே பட்டனில் கிடைத்தது. செலவு ஒரு வயர் மட்டுமே. அதனால்தான் சொல்கிறேன், இந்தத் துளை உள்ள டிவிக்கு மலிவுப் பெட்டி வாங்குவது வீண்.

மூன்றாவது ரெட்ரோடிங்க் 2எக்ஸ் மினி. விலையைக் கேட்டால் அக்கா முறைப்பார், சில நூறு ரிங்கிட். இது செய்யும் வேலையோ சின்னது. வருவது முழுப் படம் என்று சரியாகப் புரிந்துகொண்டு, ஒவ்வொரு வரியையும் இரண்டாக்கி உடனே அனுப்புகிறது. படத்தைச் சேர்த்து வைத்துக்கொண்டு பின்னுவதில்லை, ஆகவே தாமதம் சில வரிகள் அளவுதான். டிவி தகவலில் 576p 50Hz என்று வந்தது. மாரியோ பழையபடி மின்னினான், பின்னணி வழுக்கியது. பையன் குழி தாண்டுவதில் வித்தியாசம் கண்கூடாகத் தெரிந்தது. மற்ற இரண்டிலும் பட்டன் அமுக்கியபின் ஒரு நொடித் துணுக்கு கழித்தே மாரியோ எழும்பினான். டிவியின் கேம் மோடை மறக்காமல் போடுங்கள், இல்லாவிட்டால் பெட்டி மிச்சம் பிடித்ததை டிவி தின்றுவிடும். படம் மட்டும் கொஞ்சம் மங்கல்தான். 576 வரியைப் பெரிதாக்கும் வேலை டிவியின் கையில் இருக்கிறது.

அதே கம்பெனியின் 5எக்ஸ் ப்ரோ 1440p வரை கொடுக்கும், பெரிதாக்குவதையும் தானே செய்யும். கம்போசிட் மட்டும் உள்ள ஒரு மெஷினுக்காக அதை வாங்க நான் சொல்ல மாட்டேன். வீட்டில் பிஎஸ்2 மாதிரி, கம்போசிட்டைவிடத் தெளிவான கம்போனென்ட் சிக்னல் தரும் மெஷின்களும் இருந்தால் பேச்சு வேறு. ஓஎஸ்எஸ்சி என்ற இன்னொரு பெட்டியைப் பலர் புகழ்ந்து பேசுவதைப் பார்த்து அவசரப்பட்டுவிட வேண்டாம். அது கம்போசிட்டை எடுக்கவே எடுக்காது.

திரையில் மெல்லிய பட்டை ஒன்று கீழிருந்து மேலே நகர்ந்துகொண்டே இருந்தால் இவை எதையும் மாற்றாதீர்கள், மெஷினின் பழைய அடாப்டரைச் சந்தேகியுங்கள். புதியது வாங்கும்போது வோல்ட்டோடு, பின்னின் நடுப்பகுதி பிளஸ்ஸா மைனஸா என்பதையும் பழைய அடாப்டரின் மேல் உள்ள படத்தோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். ஃபாமிகாமில் நடு மைனஸ். இன்று கடையில் கிடைக்கும் அடாப்டர்களில் பெரும்பாலும் நடு பிளஸ்.